வீட்டு பேக்கர் கஃபேக்கு எழுதும் கடிதம்: உரிமையாளர் எதைத் தேடுகிறார்?

கேள்வி: வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். பக்கத்தில் இருக்கும் கஃபேக்கு வாடிக்கையாக கேக் சப்ளை செய்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் என்ன எழுதினால் எடுத்துக்கொள்வார்கள்?

பதில்:

கஃபே ஒன்றில் கொள்முதல் பார்க்கிறவன் நான். இந்த மாதிரிக் கடிதங்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றில் "அன்போடு செய்கிறேன், தரமான பொருட்கள், ருசி பிரமாதம்" என்றுதான் இருக்கும். இருக்கட்டும், ருசியைச் சாப்பிட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வோம். எங்களுக்கு வேறொரு பயம் உண்டு, அதைத் தொடுகிற கடிதத்தைத்தான் எடுத்து வைப்போம்.

அந்தப் பயம் சாயங்காலம் மிஞ்சிப்போகும் துண்டுகள். கணக்கைப் பாருங்கள். உங்களிடம் ஒரு லோஃப் கேக்கை 100க்கு வாங்குகிறோம், 10 துண்டு போடுகிறோம், துண்டு 25க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் 250 வரும், கேக்குக்குக் கொடுத்தது போக 150 நிற்கும். மூன்று துண்டு மிஞ்சி குப்பைக்குப் போனால் வருவது 175, நிற்பது 75. அதாவது பத்தில் மூன்று போனாலே மிச்சம் பாதியாகிவிடுகிறது, இதில்தான் வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் பார்க்க வேண்டும். நீங்கள் விலையில் ஐந்து சதவீதம் குறைத்தால் எனக்கு 5 மிச்சம், ஒரு துண்டு வீணாகாமல் பார்த்துக்கொண்டால் 25 மிச்சம். அதனால் கடிதத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதைவிட, கேக் எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு சின்ன ஆர்டர் எடுப்பீர்கள் என்று சொல்வது ரொம்ப முக்கியம்.

இதிலிருந்தே எந்த கேக்கைக் கொடுப்பது என்பதும் முடிவாகிவிடும். உங்கள் பெருமைக்குரிய மூன்றடுக்கு ஃபிரெஷ் கிரீம் கேக்கை முதல் கடிதத்தில் போடாதீர்கள். அதை ஃப்ரிட்ஜிலேயே வைக்க வேண்டும், வெட்டினால் பக்கவாட்டில் கிரீம் வழியும், மறுநாள் பார்க்கவே பிடிக்காது. எண்ணெய் ஊற்றிச் செய்கிற வாழைப்பழ லோஃப், ஐசிங் போடாத கேரட் கேக், பிரவுனி, இந்த ரகத்தில் இரண்டு அல்லது மூன்று போதும். வெண்ணெய் கேக்கை டிஸ்ப்ளே ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகி, நல்ல கேக்கே பழைய கேக் மாதிரி ஆகிவிடும், எண்ணெயில் செய்தது குளிரிலும் ஓரளவு மெத்தென்று இருக்கும். கேரட் கேக்கின் மேல் கிரீம் சீஸ் தடவினீர்களானால் அதுவும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டிய சரக்காகிவிடுகிறது, அதையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம் வெட்டுவது யார் என்ற கேள்வி. சின்ன விஷயம் போலத் தெரியும், சண்டை வருவது இங்கேதான். முழு லோஃப் ஈரம் காக்கும், வெட்டிய முகம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் எங்கள் கவுன்ட்டரில் இருக்கும் பையன் அவசரத்தில் வெட்டினால் ஒரு துண்டு விரல் தடிமன், அடுத்தது செங்கல். 23 சென்டிமீட்டர் நீள லோஃப் என்றால், இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் சீவிவிட்டு இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 10 துண்டு வரும், கேக் 900 கிராம் என்றால் துண்டு 80 கிராம் சுமாருக்கு நிற்கும். இதை நீங்களே எழுதிக் கொடுங்கள். வெட்டிக் கொடுப்பதானால் துண்டுக்குத் துண்டு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, பழையபடி லோஃப் வடிவத்திலேயே சேர்த்துச் சுற்றிக் கொடுத்தால் காய்வதும் குறையும்.

அளவு விஷயத்தில் மிகைப்படுத்தாதீர்கள். வீட்டு அவனில் ஒரு தடவைக்கு இரண்டு டின்னுக்கு மேல் வைத்தால் சீராக வேகாது, ஒரு ஈடுக்கு ஒரு மணி நேரம், வெந்தது முழுசாக ஆறாமல் வெட்டவும் கூடாது, சுற்றவும் கூடாது (சூட்டோடு சுற்றினால் உள்ளே வியர்த்து பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்). காலையில் கொடுக்க வேண்டுமானால் முந்தின சாயங்காலமே வெந்திருக்க வேண்டும். இந்த வகை கேக்குகள் மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் அதில் நஷ்டமில்லை. ஆனால் "எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால், இவர் இன்னும் கணக்கே போடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் விவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். உங்கள் கஃபேயிலிருந்து பத்து நிமிட தூரத்தில் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். உணவு உரிமத்தின் நகலை இணைத்துள்ளேன். காபியோடு சாப்பிட, ஃப்ரிட்ஜ் தேவைப்படாத மூன்று வகை கேக்குகளை உங்களுக்குத் தர விரும்புகிறேன்: வாழைப்பழ லோஃப், கேரட் கேக், பிரவுனி. லோஃப் ஒன்றுக்கு 10 சம துண்டுகள், வெட்டிச் சுற்றித் தருவேன். மூடி வைத்தால் மூன்று நாள், வெயில் காலத்தில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். செய்த தேதி, கடைசித் தேதி இரண்டும் லேபிளில் இருக்கும். எல்லாவற்றிலும் கோதுமை, முட்டை உண்டு. பிரவுனியில் பாலும் கொட்டைகளும் உண்டு. ஒரே சமையலறையில்தான் எல்லாம் தயாராகின்றன.

குறைந்தபட்ச ஆர்டர் ஒரு லோஃப். ஒரு நாளைக்கு ஆறு வரை தர முடியும். முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குள் சொன்னால், காலை நீங்கள் திறப்பதற்கு முன் கொண்டுவந்து தருவேன். வாராவாரம் பணம் கொடுத்தால் போதும். முதல் இரண்டு வாரம் மிஞ்சும் துண்டுகளில் பாதியின் விலையைப் பில்லில் கழித்துக்கொள்கிறேன், அதற்குள் எந்தக் கிழமை எவ்வளவு போகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். விலைப் பட்டியல் பின்பக்கம் உள்ளது."

கடைசியில் உள்ள அந்தப் பாதி விலைச் சலுகை உங்கள் கையைக் கடிக்குமே என்று நினைக்கலாம். காலக்கெடு போட்டிருப்பதால் கடிக்காது. கெடு இல்லாமல் "மிஞ்சினால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நாங்கள் அளவே பார்க்காமல் ஆர்டர் போடுவோம், திரும்பி வந்ததை நீங்கள் யாருக்கும் விற்கவும் முடியாது.

கொட்டைகள் பற்றிய வரியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். முட்டை சேர்க்காத கேக்கும் செய்கிறீர்களா, அதே டின், அதே மிக்ஸர்தான் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடித்து, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து நேரில் கொடுங்கள். சாம்பிளாக இரண்டு பெட்டி எடுத்துப் போங்கள்: ஒன்றில் நேற்று செய்தது, இன்னொன்றில் மூன்றாம் நாள் துண்டு, தேதி எழுதி. நான் முதலில் திறப்பது மூன்றாம் நாள் பெட்டியைத்தான். ஓரத்தை விரலால் அமுக்குவேன், உதிர்ந்தால் மூடி வைத்துவிடுவேன், அமுங்கி எழும்பினால் விலைப் பட்டியலைத் திருப்பிப் பார்ப்பேன்.