விற்பனை வரி யார் தலையில்? கேள்வி பதில்

வாசகர்: பில்லின் அடியில் வரி என்று தனியாகப் போட்டு என்னிடம்தான் வசூலிக்கிறார்கள். பிறகு கடைக்காரரும் சுமக்கிறார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பில்லில் அச்சாகியிருப்பது, பணம் எந்த வழியாக அரசுக்குப் போகிறது என்பதை மட்டுமே காட்டும். சுமையை அறிய வேண்டுமானால், வரிக்கு முன்பிருந்த விலையை எடுத்துக்கொண்டு, வரிக்குப் பின் வாங்குபவர் மொத்தமாகக் கொடுப்பதையும் விற்பவர் கையில் மிஞ்சுவதையும் அதனுடன் ஒப்பிட வேண்டும்.

ஓர் ஊரில் பல கடைகள் ஒரே தரமான ஊறுகாயைப் பாட்டில் 60 ரூபாய்க்கு விற்கின்றன, வாரத்துக்கு 400 பாட்டில்கள் போகின்றன என்று கொள்வோம். விலை ஒரு ரூபாய் ஏறினால் வாங்குபவர்கள் 10 பாட்டில்கள்தான் குறைப்பார்கள். விற்பவர்களுக்குக் கிடைப்பது ஒரு ரூபாய் குறைந்தாலோ, அவர்கள் வேறு சரக்குக்கு மாறி 30 பாட்டில்கள் குறைத்துவிடுவார்கள். இப்போது பாட்டிலுக்கு 12 ரூபாய் வரி வருகிறது. கடைகள் முழு வரியையும் ஏற்றி 72 என்று விலை வைத்தால், 280 பாட்டில்களே விற்கும். தம் கைக்கு 60 கிடைப்பதால் கடைகளோ 400 பாட்டில்கள் கொண்டுவருவார்கள். சரக்கு தேங்கும், விலை இறங்கும். 69 ரூபாயில் அது நிற்கும்: வாங்குபவர்களுக்கு 9 ரூபாய் ஏறியதால் 90 பாட்டில்கள் குறையும், விற்பவர்களுக்கு மிஞ்சுவது 57, அதாவது 3 ரூபாய் குறைவு என்பதால் அவர்களும் 90 பாட்டில்கள் குறைப்பார்கள். இரு பக்கமும் 310. ஆக, 12 ரூபாயில் 9 வாங்குபவருடையது, 3 விற்பவருடையது.

கல்லூரி மாணவி: விலைக்கு அதிகம் அசையாதவர்தான் அதிகம் சுமப்பார் என்று படித்தேன். அப்படியானால் சட்டப்படி வரியை வாங்குபவர்மேலேயே விதித்துவிட்டால் அவர் பங்கு இன்னும் கூடும் அல்லவா?

முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தவறு. வாங்குபவரே 12 ரூபாயை நேராக அரசுக்குக் கட்டினால், கடையில் ஒட்டியிருக்கும் விலை 57 ஆக இறங்கும். அவர் கொடுப்பது அதே 69தான். ஆனால் இரு தரப்பின் இயல்பையும் மாற்றிப் பாருங்கள்: வாங்குபவர்கள் ரூபாய்க்கு 30 பாட்டில்களும் விற்பவர்கள் 10 பாட்டில்களும் குறைப்பவர்களாக இருந்தால், விலை 63 ஆகும், விற்பவர் கையில் 51 மிஞ்சும், சுமை தலைகீழாகிவிடும்.

மரச்சாமான் கடைக்காரர்: 'வரியை நாங்களே ஏற்கிறோம்' என்று போர்டு வைத்திருக்கிறேன். முழுச் சுமையும் என்னுடையதுதானே?

வரி வருவதற்கு முன் அதே பீரோவை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று பாருங்கள். விலை ஏறியிருந்தால், ஏறிய அளவு வாடிக்கையாளருடையது.

ஓட்டல் உரிமையாளர்: 2017 நவம்பரில் ஓட்டல் வரியைக் குறைத்தபோது நாங்கள் விலையை ஏற்றிக் கொள்ளையடித்தோம் என்றார்கள். உள்ளீட்டு வரி வரவைப் பறித்ததை யாரும் பேசவில்லை.

உங்கள் வாதத்தில் பாதி முழுக்க நியாயமானது. நவம்பர் 15 முதல் ஏ.சி. ஓட்டல்களுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 5 ஆனது. கூடவே, சரக்குக்கும் வாடகைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போயிற்று. 100 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு முன்பு 118 ரூபாய் பில். அந்த வசதி போனதால் வந்த இழப்பு 8 ரூபாய் என்று வைத்தால், 108 விலையில் பில் 113.40 ஆக வேண்டும். விலையை 112 ஆக்கியவர் 117.60 வாங்கினார், வாடிக்கையாளருக்கு 40 காசுதான் மிச்சம். இந்த இடைவெளிதான் விவாதத்துக்குரியது.

வாசகர்: அது பேராசை இல்லாமல் வேறென்ன?

பேராசை வரி குறைவதற்கு முந்தைய நாளும் இருந்தது; அன்று விலை ஏறவில்லையே. மதிய நேரத்தில் மேசைகள் எல்லாம் நிரம்பியிருக்கும் ஓட்டலில் விலை குறைந்தாலும் கூடுதலாக ஒருவருக்குப் பரிமாற முடியாது. அதனால் குறைப்பின் பெரும்பகுதி விற்பவரிடம் தங்கும். வரி ஏறும்போது சுமையைப் பிரிக்கும் அதே விதிதான், குறையும்போது பலனையும் பிரிக்கிறது.

வேறொரு வாசகர்: பில்லில் வரி வாங்குபவர் பெயரில்தானே இருக்கிறது?

முதல் பதிலைப் படியுங்கள். பில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வாசகர்: ஜிஎஸ்டி பதிவு எண் பெற என்ன ஆவணங்கள் வேண்டும்?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஓட்டல் உரிமையாளர்: மேசை நிரம்புவது மதியம் மட்டுந்தான். மாலையில் காலியாகத்தான் இருக்கிறது. அப்போது என் விலை ஏன் இறங்கவில்லை?

நல்ல மறுப்பு. என் எடுத்துக்காட்டு, பல கடைகள் ஒரே பொருளை விற்று, விலையைச் சந்தையே தீர்மானிக்கும் நிலைக்கானது. தெருவில் உங்களைப் போன்ற கடை வேறில்லை என்றாலோ, மதியத்துக்கும் மாலைக்கும் ஒரே மெனு கார்டு என்றாலோ, அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதே தெருவில் புதிய ஓட்டல்கள் வந்தால் விலை இறங்க வாய்ப்புண்டு. ஆனால் எவ்வளவு காலத்தில், எவ்வளவு என்பதை இந்த 60 ரூபாய்ப் பாட்டிலை வைத்துச் சொல்ல முடியாது.