லிங்க் அனுப்புவதா, நேரம் சொல்வதா? சந்திப்பு குறிப்பது பற்றிக் கேள்வி பதில்

நிறுவன இயக்குநர்களுக்குச் சந்திப்பு நேரம் குறித்துத் தருவது என் வேலை. இது சம்பந்தமாக எதுவும் கேட்கலாம். லிங்க் என்று இங்கே சொல்வது உங்கள் காலி நேரங்களைக் காட்டும் இணையப் பக்கத்தின் முகவரி. அதைத் திறப்பவர் தனக்கு வசதியான நேரத்தைத் தானே எடுத்துக்கொள்வார்.

வைகைக்கரை: அக்கா, மதுரையில் வரி ஆலோசனை செய்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் வாடகை, நிலம் விற்ற கணக்கு என்று வருவார்கள். லிங்க் அனுப்பட்டுமா, நானே நேரம் சொல்லட்டுமா?

அந்தப் பேச்சு யாருக்குத் தேவை என்பதை முதலில் பாருங்கள். அவர்கள் உங்களைத் தேடி வந்து "எப்போது பேசலாம்?" என்று கேட்டால் லிங்க் நல்லது. ஒரே மாதிரி அரை மணி நேரப் பேச்சு, பலர் கேட்கிறார்கள், அவரவருக்கு வேலை முடியும் நேரம் வேறு. அவர்களே பார்த்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு தாள் வரவில்லை, ஒரு கணக்கு புரியவில்லை என்று நீங்கள் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் நேரத்தை நீங்கள் எழுதுங்கள். தேவை உங்களுடையது என்றால் காலண்டரைத் துழாவும் வேலையும் உங்களுடையதுதான்.

லிங்க் வைத்தால் இப்படி எழுதலாம்:

"வணக்கம். நிலம் விற்ற கணக்கைப் பற்றி விவரமாகப் பேசலாம், அரை மணி நேரம் போதும். உங்களுக்கு வசதியான நேரத்தை இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் நேரத்திலேயே தெரியும். அது சிரமம் என்றால் இரண்டு மூன்று நேரம் எழுதி அனுப்புங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வெறும் லிங்க்கை மட்டும் தனியாக ஒட்டி அனுப்பவே கூடாது.

நீங்களே நேரம் சொல்வதாக இருந்தால் மார்ச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2026இல் அது மார்ச் 8. அதுவரை நியூ ஜெர்சிக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு ஒன்பதரை. "காலை 7 மணி" என்று பழைய கணக்கிலேயே சொன்னால் 8ஆம் தேதிக்கு முன் அவருக்கு இரவு 8.30, பின் 9.30. லிங்க் பக்கம் இதைத் தானே கணக்கிட்டுவிடும். கையால் எழுதும்போது நீங்கள் கணக்கிட்டு இரண்டு ஊர் நேரத்தையும் எழுத வேண்டும்:

"வணக்கம் ஐயா. கணக்கில் இரண்டு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும், அரை மணி நேரம் போதும். உங்கள் நேரப்படி மார்ச் 6 வெள்ளி இரவு 8.30 (எனக்குச் சனி காலை 7), மார்ச் 10 செவ்வாய் இரவு 8.30 (எனக்குப் புதன் காலை 6), மார்ச் 14 சனி காலை 10 (எனக்கு அன்று மாலை 7.30). எது வசதி? எதுவும் ஒத்துவராவிட்டால் உங்களுக்குத் தோதான நேரம் சொல்லுங்கள். மார்ச் 4 இரவு வரை இந்த மூன்றையும் உங்களுக்காக வைத்திருக்கிறேன்."

இரவு 8.30 இரண்டு முறை வருகிறது, ஆனால் உங்கள் பக்கம் 7 மணி 6 ஆகிவிட்டது, பாருங்கள். கிழமையும் மாறுகிறது, அதனால்தான் தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன். அனுப்பிய கையோடு மூன்றையும் காலண்டரில் "தற்காலிகம்" என்று அடைத்துவிடுங்கள். அவர் ஒன்றைச் சொன்னதும் மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம். அடைக்காமல் விட்டால் அதே புதன் காலை 6 மணியை வேறொருவர் உங்கள் லிங்க்கில் எடுத்திருப்பார்.

ரயிலடி: லிங்க் அனுப்புவதே திமிர். "என் தரிசனம் வேண்டுமென்றால் வரிசையில் நில்" என்பது போல இருக்கிறது.

பைட்டுக்காரன்: ஒரு சந்திப்புக்கு ஐந்து மெயில் போய் வருவதுதான் மரியாதைக் குறைவு. அடுத்தவர் நேரத்தைத் தின்கிறீர்கள். லிங்க் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் மோதவும் மாட்டார்கள்.

ரயிலடி: என்னிடம் உதவி கேட்டவர் லிங்க் அனுப்பினார். நான் திறக்கவே இல்லை.

இந்தச் சண்டை புதிதல்ல. 2022 ஜனவரியில் சாம் லெசின் என்ற முதலீட்டாளர் கேலெண்ட்லி என்ற சந்திப்பு குறிக்கும் சேவையின் லிங்க்கை அனுப்புவது யார் பெரியவர் என்று காட்டுவது போல இருக்கிறது என்று ட்விட்டரில் எழுதப்போய் பெரிய விவாதமே நடந்தது.

ரயிலடி சார், உங்களிடம் உதவி கேட்டவர் லிங்க் அனுப்பியது தவறுதான். ஆனால் நீங்கள் பல் டாக்டரிடம் நேரம் கேட்டு அவர் லிங்க் தந்தால் கோபப்படுவீர்களா? அதே லிங்க்தான். கேட்டவர் யார் என்பதுதான் மாறுகிறது.

பைட்டுக்காரன், மோதாது என்பது பாதிதான் சரி. அந்தப் பக்கம் நீங்கள் இணைத்த காலண்டரை மட்டும்தான் பார்க்கும். வாட்ஸப்பில் ஒத்துக்கொண்டது அதற்குத் தெரியாது. கூகுள் காலண்டரில் நாள் முழுவதும் என்று போடும் குறிப்பு, நீங்களாக மாற்றாவிட்டால், "ஃப்ரீ" என்றே நிற்கும். "ஊருக்குப் போகிறேன்" என்று அப்படிப் போட்டுவிட்டுப் போனால் அன்றைக்கும் ஆட்கள் நேரம் எடுப்பார்கள். "பிஸி" என்று மாற்ற வேண்டும்.

பைட்டுக்காரன்: சரி, அதை ஏற்கிறேன். ஆனால் இரண்டு பேருக்கும் சமமான தேவை என்றால்? இரண்டு நிறுவனம் சேர்ந்து ஒரு வேலை செய்கிறது, யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை.

அங்கே நான் இரண்டு மூன்று நேரத்தை எழுதி, கீழே லிங்க்கையும் வைப்பேன். என்னுடன் வேலை செய்பவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டையும் கொடுத்தால் ஆள் குழம்பிப் பதிலே போட மாட்டார் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மெயில் நீளமாக இருந்தால் எனக்கும் அப்படி நடந்திருக்கிறது.

புதுப்பட்டதாரி: எச்.ஆர். மேடம் இன்டர்வியூவுக்கு எப்போது வசதி என்று கேட்டார்கள். என் லிங்க்கை அனுப்பலாமா?

வேண்டாம். மூன்று நேரம் எழுதுங்கள், இரண்டு வெவ்வேறு நாளில், ஒன்று காலை, ஒன்று மதியம் என்று. அவர்கள் தங்கள் லிங்க்கை அனுப்பினால் தயங்காமல் அதில் எடுங்கள். அதில் உள்ள எதுவும் ஒத்துவராவிட்டால் மட்டும் எழுதிக் கேளுங்கள்.

நெல்லைச்சீமை: மேடம், பெரிய ஆளுக்கு லிங்க் அனுப்பலாமா?

மேலே வைகைக்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள். தேவை யாருடையது?

குடும்பஸ்தன்: தங்கைக்குக் கல்யாண மண்டபம் புக் பண்ண வேண்டும். லிங்க் கிடைக்குமா?

இது பேசச் சந்திப்பு குறிக்கும் இடம், தம்பி. மண்டபத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

ஆசிரியை: ஆறு பேர் கொண்ட குழுவுக்கு?

லிங்க்கும் வேண்டாம், மூன்று நேரமும் வேண்டாம். ஐந்தாறு நேரம் போட்டு வாக்கெடுப்பு வையுங்கள். வராமல் நடக்காத ஆள் ஒருவர் இருப்பாரே, அவரிடம் முதலில் கேட்டு அவருக்கு ஒத்துவரும் நேரங்களை மட்டும் போடுங்கள்.

வடபழனி: பெரியவர்களுக்கு லிங்க் அனுப்பினால் தப்பாக நினைப்பார்களா?

மூன்றாவது முறை இதே கேள்வி. வயதைப் பார்க்காதீர்கள், தேவையைப் பாருங்கள். லிங்க் திறக்கத் தெரியாதவர் என்றால் போன் செய்யுங்கள்.

கூடல்நகர்: லிங்க்கில் இன்றைக்கே, பத்து நிமிடத்தில் ஒருவர் நேரம் எடுத்துவிட்டார். தடுப்பது எப்படி?

குறைந்தபட்ச முன்னறிவிப்பு என்று ஒரு அமைப்பு இருக்கும். கேலெண்ட்லியிலும் உண்டு, கூகுளிலும் உண்டு. 24 மணி நேரம் வையுங்கள். இரண்டு பேச்சுக்கு நடுவே 15 நிமிட இடைவெளியும் அதே பக்கத்தில் வைக்கலாம். வைத்த பிறகு வேறு பிரவுசரில் உங்கள் லிங்க்கை நீங்களே திறந்து, இன்றைய தேதியில் நேரம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.