14ஆம் மாதம் கட்டிய கரும்புக் கடனுக்கு 4% கிடைக்குமா?

"கரும்புக்கு வங்கியில் 2 லட்சம் பயிர்க்கடன். வெட்டு முடிந்து பணம் வந்ததும், 14ஆம் மாதம் முழுசாகக் கட்டிவிட்டேன். 4% என்றார்கள், 7%க்கு மேல் பிடித்திருக்கிறார்கள். ஏன்?"

ஒரு வருடம் தாண்டிவிட்டது, அதுதான் காரணம். 7% வட்டியில், தவணைக்குள் கட்டினால் 3% தள்ளுபடி. ஆனால் பணம் எடுத்த நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம்தான் அந்தச் சலுகை. கரும்புக்கு வங்கி கூடுதல் மாதம் தவணை கொடுத்திருந்தாலும் சலுகைக் கெடு நீளாது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

2 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 7%இல் 14,000, 4%இல் 8,000. ஆக 6,000 ரூபாய் போனது. வருடம் தாண்டிய இரண்டு மாதத்துக்கு 7% சலுகை வட்டியும் கிடையாது. வங்கியின் வழக்கமான வட்டி.

எதற்கும் கணக்கு விவரத்தை வாங்கிப் பணம் எடுத்த தேதியைப் பாருங்கள். மனு கொடுத்த தேதி அல்ல. இரண்டு முறையாக எடுத்திருந்தால், பின்னால் எடுத்த தொகை வருடத்துக்குள் இருக்கலாம்; அதற்கு மட்டும் 3% கேளுங்கள்.

அடுத்த முறை ஆலைப் பணத்துக்குக் காத்திருக்காமல் 11ஆம் மாதமே புரட்டிக் கட்டிவிட்டு, புதுக்கடன் எடுங்கள். சிட்டாவோடு, நடப்புப் பசலி அடங்கலும் கொண்டுபோங்கள். கட்டைக் கரும்பு அதில் ஏறாமல் பழைய நெல்லே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் விஏஓவைப் பாருங்கள்.

இது வங்கிக் கடனுக்கு. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் என்றால் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை.