கறுத்துப்போன கொலுசை எடை குறையாமல் பளிச்சென்று ஆக்க

“அம்மாவின் வெள்ளிக் கொலுசு பத்து வருடமாக பீரோவில் இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் கருகருவென்று ஆகிவிட்டது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா? கடையில் கொடுத்தால் எடை குறைந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?”

டூத்பேஸ்ட் வேண்டாம். அதில் பல்லுக்கென்று சேர்த்திருக்கும் பொடி வெள்ளியில் மெல்லிய கீறல்களைப் போடும், வேலைப்பாட்டின் முனைகளும் நாளடைவில் மழுங்கும். எடை பற்றிய பயம் நியாயமானதுதான். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு அது. தேய்த்தாலோ அமிலத்தில் முக்கினாலோ, அதோடு உங்கள் வெள்ளியும் கொஞ்சம் போய்விடும். கடையில் கொடுப்பதென்றால், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள்.

கறுப்பை மறுபடி வெள்ளியாகவே மாற்ற வீட்டிலேயே வழி இருக்கிறது. முதலில் கொலுசைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பழைய பிரஷ்ஷால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் அடுத்த படி வேலை செய்யாது. ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தின் உள்ளே அலுமினியம் ஃபாயிலை விரியுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் பலன் ஒன்றுதான். கொலுசு ஃபாயிலைத் தொட்டபடி இருக்கட்டும். ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு கலந்து மெதுவாக ஊற்றுங்கள். நுரைக்கும், அழுகிய முட்டை வாடை வரும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகிறது என்று அர்த்தம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். கறுப்பு மீதமிருந்தால் புதுத் தண்ணீர், புது ஃபாயிலோடு இன்னொரு தடவை. அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மணிகளுக்குள் தண்ணீர் தங்கும், குலுக்கி வடித்து ஃபேன் காற்றில் ஒரு நாள் காயவிடுங்கள். எடுத்ததும் மங்கலாகத் தெரியும், உலர்ந்த துணியால் தேய்த்தால் மினுக்கம் திரும்பும்.

கல், முத்து, பவளம், எனாமல் வைத்த நகைகளை இந்தத் தண்ணீரில் போடாதீர்கள். பசை இளகும், முத்தின் மினுக்கம் கெடும். வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆன்டிக் வேலைப்பாடும் அழிந்துவிடும். கண்ணிகளில் பச்சை நிறம் தெரிந்தால் அது கலப்பில் உள்ள செம்பின் களிம்பு. இந்த முறை அதற்கு உதவாது, ஆசாரியிடம் காட்டுங்கள்.

இனி எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலேயே கந்தகம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கொலுசைப் பருத்தித் துணியில் சுற்றி ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ஈரமும் இருக்காது.