கிளே கோர்ட்ல பேக்ஹேண்ட் சிக்கல்

"ஹார்ட் கோர்ட்ல நல்லா போற என் ஒத்தக்கை பேக்ஹேண்ட், கிளேல பந்து தோளுக்கு மேல எகிறி ஃப்ரேம்ல படுது, என்ன பண்ண?"

பேஸ்லைன்ல இருந்து ஒரு ஒன்றரை மீட்டர் பின்னாடி போங்க, பந்து உச்சிக்குப் போய் இடுப்புக்கு இறங்குறப்ப கிராஸ் கோர்ட்டா உயரமா திருப்பி அடிங்க, அங்கிருந்து ஃபிளாட்டா வின்னர் போட நினைக்காதீங்க.

அநேகமா எதிராளியோட டாப்ஸ்பின்தான் காரணம். கிளேல பந்து மண்ணைப் பிடிச்சு முன்வேகத்தை இழந்து செங்குத்தா எழும்பும், புல்லுல அதே பந்து வழுக்கிட்டு தாழ்வா வரும், அதான் அங்க ஸ்லைஸ் எடுபடுது. ரோலண்ட் காரோஸ்ல நடால் ஃபெடரரோட பேக்ஹேண்டை இப்படித்தான் போட்டு வாட்டுனாரு.

நண்பரை டாப்ஸ்பின் போடச்சொல்லி பேஸ்லைன்லயும், பின்னாடி தள்ளியும் நின்னு வீடியோ எடுத்துப் பாருங்க. பின்னாடி நின்னும் தோள் உயரத்துலயே அடிக்கிறீங்கன்னா அவசரப்படுறீங்க.

ஒண்ணு, பின்னாடி நின்னா டிராப் ஷாட்டுக்கு மாட்டுவீங்க. மழை ஈரம் இருந்தா பந்து கனமாகி எகிறாது, அன்னிக்கு முன்னாடியே நில்லுங்க.