பெரியண்ணன் வந்த நேரம்

கேள்வி: எங்கள் குடும்ப அறக்கட்டளைக்கு நான் செயலாளர். உறுப்பினர்கள் ஒன்பது பேர். கூட்டம் செல்லக் குறைந்தது இருக்க வேண்டிய எண்ணிக்கை, அதாவது கோரம், ஐந்து. போன கூட்டம் காலை 10 மணிக்குத் தொடங்கியபோது மூவர் நேரிலும் இருவர் இணையவழியிலும் இருந்தோம். 10.18-க்கு அத்தையின் இணைப்பு அறுந்து, 10.30-க்குத்தான் திரும்ப வந்தார். 10.25-க்குக் கடன் தீர்மானம் நிறைவேறியது. பெரியண்ணன் இணையவழியில் வந்தது 10.40-க்கு. மூத்தவர் பெயருக்குப் பக்கத்தில் நேரம் போட மனம் வராமல், ஆரம்பம் முதலே இருந்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுதினேன். சொல்லாமல் வராமல் இருந்த தம்பியையும் ‘வர இயலாமை தெரிவித்தோர்’ பட்டியலில் சேர்த்தேன். செயலியின் வருகைப் பட்டியல் வேறாக இருக்கிறதே என்கிறாள் தங்கை. நான் எதை வைத்துக்கொள்வது?
– ஒரு வாசகி

பதில்: மனம் வரவில்லையா? அண்ணனுக்கு நீங்கள் செய்தது மரியாதை இல்லை அம்மா. அவர் காதில் விழாத ஒரு தீர்மானத்துக்கு அவரைப் பொறுப்பாளி ஆக்கியிருக்கிறீர்கள். நாளை அந்தக் கடன் திரும்பாமல் போனால், “நீங்களும் இருந்தீர்களே, ஏன் தடுக்கவில்லை?” என்று கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார்?

இன்னும் கேளுங்கள். 10.25-க்கு எத்தனை பேர் இருந்தீர்கள் என்று விரல் விட்டு எண்ணினீர்களா? நேரில் மூவர். இணையவழியில் இருவரில் அத்தை இல்லை. ஆக நான்கு பேர். கோரம் கூட்டம் தொடங்கும்போது மட்டும் இருந்தால் போதும் என்று உங்கள் விதி சொன்னாலொழிய, அந்தத் தீர்மானம் நிற்காது. உங்கள் குறிப்பிலோ ஆறு பேர் இருக்கிறார்கள். அண்ணனின் நேரத்தையும் அத்தையின் இணைப்பு அறுந்ததையும் எழுதியிருந்தால், இந்த ஓட்டை உங்கள் கண்ணில்தான் முதலில் பட்டிருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கூச்சம் வரக் கூடாதென்று கணக்கை மறைக்கும் பழக்கம் பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. பொதுப் பணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு நீங்கள் தங்கையாக மட்டும் இருக்க முடியாது.

அடுத்த கூட்டத்திலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரிலா இணையவழியா என்று எழுதுங்கள். இணையவழியில் வருபவர்களைத் தலைவர் பெயர் சொல்லி அழைக்கட்டும். அவர்கள் குரல் கொடுத்த பிறகே வந்ததாகக் குறியுங்கள். தாமதமாக வருபவருக்கு நேரத்தோடு, அப்போது எந்தப் பொருள் பேசப்பட்டது என்பதும் வேண்டும். ‘10.40: பெரியண்ணன் இணையவழியில் இணைந்தார், பொருள் 4 விவாதத்தில் இருந்தது’ என்ற ஒரு வரி போதும். இடையில் போனவருக்கும் அப்படியே: எப்போது போனார், எப்போது திரும்பினார். இணைப்பு அறுந்ததும் அவர் எழுந்து வெளியே போனதாகத்தான் கணக்கு. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னால் தலை எண்ணுங்கள். கோரம் குறைந்தால் தலைவரிடம் சொல்லி நிறுத்துங்கள். பத்து நிமிடம் காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. இணையவழியில் இருப்பவரைக் கோரத்தில் சேர்க்கலாமா என்பதையும் உங்கள் விதிகளில் பார்த்துவிடுங்கள். சில அமைப்புகளில் சேர்ப்பதில்லை.

செயலியின் பட்டியலை அப்படியே குறிப்பாக்கிவிடாதீர்கள். அது கருவி எப்போது இணைந்தது, எப்போது விலகியது என்பதைத்தான் சொல்லும். இணைப்பு அறுந்து வந்தவர் இரண்டு மூன்று வரிகளில் இருப்பார். பேரன் போனில் வந்த தாத்தா பேரன் பெயரில் இருப்பார். ஒரே திரைமுன் அமர்ந்த கணவன் மனைவி ஒருவராகத் தெரிவார்கள். உங்கள் கையெழுத்துக் குறிப்புதான் முதலில். பட்டியல் அதைச் சரிபார்க்க.

தம்பி விஷயத்தில் நான் இளக மாட்டேன். வர இயலாமை தெரிவிப்பது ஒரு செயல். கூட்டத்துக்கு முன்னால் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதவர் ‘வராதவர்’ பட்டியலில்தான் இருக்க வேண்டும். தொடர்ந்து இத்தனை கூட்டங்களுக்குத் தகவலின்றி வராதவர் பதவி இழப்பார் என்று உங்கள் விதிகளில் இருந்தால், நீங்கள் அவனைக் காப்பாற்றவில்லை, விதியைக் கெடுத்தீர்கள். சொல்லிவிட்டு வராத மற்ற இருவரையும் இவனோடு ஒரே வரியில் நிறுத்தினீர்களே, அவர்கள் காட்டிய பொறுப்புக்கு என்ன மதிப்பு?

பழைய குறிப்பை அழிக்காதீர்கள், தாளை மாற்றாதீர்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும் பொருள் வரும்போது, மூன்று திருத்தங்களையும் நீங்களே எழுந்து முன்வையுங்கள்: அண்ணன் வந்த நேரம், அத்தை இல்லாத பன்னிரண்டு நிமிடம், தம்பியின் பெயர். ஏற்கெனவே உறுதிசெய்து கையெழுத்தாகியிருந்தால், திருத்தம் அடுத்த கூட்டத்தின் குறிப்பில் தனித் தீர்மானமாக ஏறட்டும். கடன் தீர்மானத்தைக் கோரத்தோடு மறுபடி வாக்குக்கு விடுங்கள். பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் அதுவரை நிறுத்தி வையுங்கள்; கைமாறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரியண்ணனுக்கு இது சபையில் முதல்முறையாகக் காதில் விழக் கூடாது. முந்தின நாளே நீங்கள் போன் செய்து, அவர் பெயரில் என்ன எழுதினீர்கள், அதனால் என்ன ஆனது என்று சொல்லிவிடுங்கள்.