ஒரே கோபால்ட், இரண்டு அணைவுகள்: காந்தப் பண்பையும் நிறத்தையும் விடைத்தாளில் எழுதுவது எப்படி?

"[CoF₆]³⁻, [Co(NH₃)₆]³⁺ இரண்டையும் ஒப்பிடச் சொல்லித் தேர்வில் கேட்டிருந்தார்கள். ஒன்று பாராகாந்தம், மற்றது டயாகாந்தம், ஏனென்றால் F⁻ வலிமை குறைந்த ஈனி, NH₃ வலிமை மிக்க ஈனி என்று எழுதினேன். நிறத்துக்குத் தனித்த எலக்ட்ரான்கள்தான் காரணம் என்றும் எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எங்கே தவறினேன்?"

காந்தப் பண்பைப் பற்றி நீங்கள் எழுதியது தவறில்லை, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. நிறத்துக்குச் சொன்ன காரணம்தான் தவறு. அது தவறு என்பதற்குச் சான்று அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. [Co(NH₃)₆]³⁺ அயனியில் தனித்த எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அது ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கிறது. தனித்த எலக்ட்ரான்தான் நிறம் தருகிறது என்றால் இந்த அயனி நிறமற்றதாக அல்லவா இருக்க வேண்டும்?

காந்தப் பண்பு, நிறம் இரண்டுமே படிகப் புலப் பிளப்பு ஆற்றலான Δₒ-வைச் சார்ந்தவை. ஆனால் இரண்டும் அதனிடம் கேட்கும் கேள்வி வேறு. காந்தப் பண்புக்குத் தெரிய வேண்டியது, Δₒ இரட்டையாதல் ஆற்றலைவிடப் பெரியதா, சிறியதா என்பது. நிறத்துக்குத் தெரிய வேண்டியது, Δₒ எவ்வளவு பெரியது, மேலே தாவ எலக்ட்ரானும் அதை ஏற்க இடமும் இருக்கின்றனவா என்பது. இந்த இரண்டையும் பிரித்து எழுதினால் மதிப்பெண் குறைய வழியில்லை.

முதலில் காந்தப் பண்பைப் பார்ப்போம். இரு அணைவுகளிலும் கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண் +3. நடுநிலைக் கோபால்ட்டின் அமைப்பு 3d⁷4s². அயனியாகும்போது முதலில் வெளியேறுபவை 4s எலக்ட்ரான்கள். அந்த இரண்டும், 3d-யிலிருந்து ஒன்றும் போக, மிஞ்சுவது 3d⁶. இந்த வரியை எழுதாமல் நேரே t₂g, eg பெட்டிகளை வரைந்துவிடுவது பலர் செய்யும் பிழை. அம்மோனியாவுக்கு மின்சுமை இல்லை, ஃபுளோரைடுக்கு −1 என்பதை விடைத்தாளில் காட்டி +3 என்று நிறுவுங்கள்.

இரண்டும் எண்முகி அமைப்பு. ஆறு ஈனிகளும் x, y, z அச்சுகளின் வழியே வருவதால், அச்சுகளை நோக்கி நீளும் இரு ஆர்பிட்டால்கள் (eg) அதிக விலக்கு விசைக்கு உள்ளாகி மேலே போகின்றன. அச்சுகளுக்கு இடையே நீளும் மூன்றும் (t₂g) கீழே நிற்கின்றன. சராசரி மட்டத்திலிருந்து eg 0.6Δₒ மேலே, t₂g 0.4Δₒ கீழே. முதல் மூன்று எலக்ட்ரான்கள் t₂g-யில் ஒவ்வொன்றாக அமரும். நான்காவதுக்குத்தான் சிக்கல்: eg-க்கு ஏற Δₒ அளவு ஆற்றல் வேண்டும், t₂g-யிலேயே இன்னொன்றோடு சேர்ந்து அமர இரட்டையாதல் ஆற்றல் P வேண்டும். எது குறைவோ அதன்படிதான் எலக்ட்ரான் நடக்கும்.

ஆகவே "F⁻ வலிமை குறைந்தது" என்பதோடு நிறுத்தக் கூடாது. "F⁻ வலிமை குறைந்த ஈனி, ஆதலால் Δₒ < P, ஆதலால் எலக்ட்ரான்கள் eg-க்கு ஏறுகின்றன" என்று மூன்று கண்ணிகளும் வர வேண்டும். நீங்கள் நடுக் கண்ணியை விட்டுவிட்டீர்கள், திருத்துபவர் தேடுவது அதைத்தான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாடநூல் அட்டவணைகளில் Co³⁺-க்கு P சுமார் 21,000 cm⁻¹. Δₒ மதிப்பு [CoF₆]³⁻-க்குச் சுமார் 13,000 cm⁻¹, [Co(NH₃)₆]³⁺-க்குச் சுமார் 23,000 cm⁻¹. முதலாவதில் Δₒ சிறியது, ஆகவே t₂g⁴eg², நான்கு தனித்த எலக்ட்ரான்கள், உயர் சுழற்சி அணைவு. இரண்டாவதில் Δₒ பெரியது, ஆகவே t₂g⁶eg⁰, தனித்த எலக்ட்ரான் இல்லை, தாழ் சுழற்சி அணைவு.

படிகப் புல நிலைப்படுத்தும் ஆற்றலையும் கேட்டால், P-யை எத்தனை முறை கூட்டுவது என்பதில் கவனம் தேவை. தாழ் சுழற்சி d⁶-இல் மூன்று இணைகள் இருப்பதால் 3P என்று எழுதத் தோன்றும். ஆனால் பிளப்பே இல்லாத தனி அயனியிலும் d⁶-க்கு ஓர் இணை இருந்தே தீரும். புதிதாக உருவானவை இரண்டுதான், ஆகவே கூட்ட வேண்டியது 2P. உயர் சுழற்சியில் புதிய இணையே இல்லை, P வராது. அம்மோனியா அணைவுக்குக் கணக்கு இப்படி அமையும்:

தாழ் சுழற்சி: 6 × (−0.4Δₒ) + 2P = −2.4 × 23,000 + 2 × 21,000 = −13,200 cm⁻¹

உயர் சுழற்சி: 4 × (−0.4Δₒ) + 2 × (0.6Δₒ) = −0.4 × 23,000 = −9,200 cm⁻¹

தாழ் சுழற்சி 4,000 cm⁻¹ கீழே இருக்கிறது, அதனால் அதுவே நிலைக்கிறது. இதே கணக்கை ஃபுளோரைடு அணைவுக்குப் போட்டால் உயர் சுழற்சிக்கு −5,200, தாழ் சுழற்சிக்கு +10,800 வரும். கணக்கைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: d⁶ அயனிக்கு இரு நிலைகளின் இடைவெளி எப்போதும் 2(Δₒ − P) ஆகவே இருக்கும். உங்கள் விடை அதோடு பொருந்தாவிட்டால் P-யின் எண்ணிக்கையில்தான் பிழை. சில பாடநூல்கள் எல்லா இணைகளையும் எண்ணி 3P என்றே எழுதும். அப்படி எழுதினால் உயர் சுழற்சிக்கும் ஒரு P சேர்க்க வேண்டும், இரு முறைகளைக் கலக்கக் கூடாது.

காந்தத் திருப்புத்திறனுக்கு μ = √(n(n+2)). ஃபுளோரைடு அணைவில் n = 4, ஆகவே √24 = 4.90 போர் மேக்னட்டான். அம்மோனியா அணைவில் சுழி. ஃபுளோரைடு அணைவை அளந்தால் மதிப்பு 5-க்குச் சற்று மேலே இருக்கும். t₂g-யில் நான்கு எலக்ட்ரான்கள் சமமின்றி நிற்பதால் ஆர்பிட்டால் இயக்கத்தின் பங்கும் சேர்ந்துகொள்வதே காரணம். அளந்த மதிப்பு 5.3 என்று கொடுத்து n கேட்டால், 5-க்கான 5.92-ஐப் பிடிக்காமல் 4 என்றே எழுதுங்கள். d⁶ எண்முகி அயனியில் ஐந்து தனித்த எலக்ட்ரான்களுக்கு வழியே இல்லை.

இன்னொன்று: கேள்வியில் "படிகப் புலக் கொள்கையின்படி" என்று இருந்தால் d²sp³, sp³d² இனக்கலப்பை உள்ளே கொண்டுவர வேண்டாம். அது இணைதிறன் பிணைப்புக் கொள்கையின் மொழி. தனித்த எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக வந்தாலும், நிறத்தை விளக்க அதனால் முடியாது.

இனி நிறம். தாவுவதற்கு t₂g-யில் எலக்ட்ரானும், ஏறிப்போய் அமர eg-யில் காலியிடமும் வேண்டும். அம்மோனியா அணைவில் t₂g நிறைந்திருக்கிறது, eg முழுதும் காலி. தாவலுக்கு இது போதும், எலக்ட்ரான்கள் இணையாக இருப்பது தடையே இல்லை. d⁰ ஆன Sc³⁺, d¹⁰ ஆன Zn²⁺ இரண்டும் நிறமற்றிருப்பது தனித்த எலக்ட்ரான் இல்லாததால் அல்ல, முதலாவதில் தாவ ஆளில்லை, இரண்டாவதில் அமர இடமில்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் நிறமும் உட்கவரப்படும் நிறமும் வேறு வேறு. [Co(NH₃)₆]³⁺ சுமார் 475 நானோமீட்டரில், அதாவது நீலப் பகுதியில், ஒளியை உட்கவர்கிறது. நீலம் போக மிஞ்சுவது ஆரஞ்சு மஞ்சளாகத் தெரிகிறது. ஃபுளோரைடு அணைவில் Δₒ சிறியது, ஆகவே அது நீண்ட அலைநீளத்தை, சிவப்பு முனையை, உட்கவர்ந்து நீலமாகத் தெரிகிறது. 13,000 cm⁻¹-ஐ அலைநீளமாக மாற்ற 10⁷-ஐ அதனால் வகுங்கள், 769 நானோமீட்டர் வரும். "இது கட்புலப் பகுதியைத் தாண்டிவிட்டதே, நிறம் எப்படி?" என்று குழம்பாதீர்கள். உட்கவர் பட்டை அகலமானது, அதன் ஒரு பகுதி சுமார் 690 நானோமீட்டர் வரை நீண்டு சிவப்பை விழுங்குகிறது.

வரிசைப்படுத்தும் கேள்விகளில் திசை மாறிப்போவதுதான் பெரிய ஆபத்து. ஈனி வலிமை F⁻ < NH₃ < CN⁻, Δₒ-வும் அதே வரிசை. உட்கவரும் அலைநீளமோ தலைகீழ். [CoF₆]³⁻-க்கு மிக நீளம், [Co(CN)₆]³⁻-க்கு மிகக் குறைவு, சுமார் 310 நானோமீட்டர். சயனைடு அணைவின் பட்டை புறஊதாவுக்குள் போய்விட, வால் மட்டும் ஊதா விளிம்பைத் தொடுவதால் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. வலிமையான ஈனி அடர்ந்த நிறம் தரும் என்று எழுதுபவர்களுக்கு இந்த வெளிர் மஞ்சளே மறுப்பு. எந்த நிறம் என்பதைத்தான் Δₒ தீர்மானிக்கிறது, எவ்வளவு அடர்த்தி என்பதை அல்ல.

475 நானோமீட்டர் என்பதை cm⁻¹ ஆக்கிப் பார்த்தவர்கள் சுமார் 21,050 வருவதையும், நான் Δₒ 23,000 என்று சொன்னதையும் கவனித்திருக்கலாம். இரண்டுமே சரி. உட்கவர் உச்சம் அப்படியே Δₒ ஆக இருப்பது [Ti(H₂O)₆]³⁺ போன்ற d¹ அயனியில்தான் எளிதாக நடக்கும். எலக்ட்ரான்கள் பல இருந்தால், தாவலின்போது அவற்றுக்கிடையேயான விலக்கமும் மாறுகிறது. கேள்வியில் ஓர் அலைநீளம் மட்டும் கொடுத்து Δₒ கேட்டால் உச்சத்தையே Δₒ ஆகக் கொள்ளலாம். இரண்டும் கொடுத்துப் பொருந்தவில்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல.

Δₒ, P ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. [Co(H₂O)₆]³⁺-இல் Δₒ சுமார் 18,000 cm⁻¹, அட்டவணையின் 21,000-ஐவிடக் குறைவு. கணக்குப்படி உயர் சுழற்சியாக வேண்டும், ஆனால் உண்மையில் அது டயாகாந்தம். அணைவுக்குள் d எலக்ட்ரான் முகில் ஈனிகளின் மீது சற்றே பரவுவதால் விலக்கம் குறைந்து, P-யும் அட்டவணை மதிப்பைவிடச் சுருங்குகிறது. ஆகவே நீர் வலிமை குறைந்த ஈனி என்ற பொது விதியை Co³⁺-க்குப் பூட்டாதீர்கள். Fe²⁺-உம் d⁶ தான், அதன் நீர் அணைவில் Δₒ 10,400 மட்டுமே, P 17,600. அங்கே விதி செல்லும், நான்கு தனித்த எலக்ட்ரான்கள் இருக்கும். ஒரே ஈனி, ஒரே d⁶, ஆனால் அயனியின் மின்சுமை +2-இலிருந்து +3 ஆனதும் Δₒ இவ்வளவு கூடிவிடுகிறது. ஈனியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.